திருத்தும் முன் அளந்து பாருங்கள்: அறையின் ஒலி வரைபடத்தைப் படிப்பது எப்படி

திருவையாற்றில் மிருதங்கம் வாசிக்கும் தம்பி ஒருவர், வீட்டு மாடியறையில் கச்சேரிப் பதிவுகளைக் கலவை செய்கிறார். அவருடைய குறை இதுதான்: "அண்ணே, இங்க கேட்டா தம்புரா ஸ்ருதியே எடுக்க மாட்டேங்குது. தூக்கி வச்சு அனுப்பினா, வாங்கிக் கேட்டவங்க எல்லாரும் ஒரே கும்முனு இருக்குங்கறாங்க." அறையைத் தானாகவே திருத்தித்தரும் மென்பொருள் ஒன்றை வாங்கிவிட்டு, அதை ஓட்டிவிடலாமா என்று கேட்டார். முதலில் அளப்போம், எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் படிப்போம், திருத்தம் அப்புறம் என்றேன். அன்று இரவு அந்த அறையில் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் அறையின் எண்கள் வேறாக இருக்கும். செய்யும் முறை மாறாது.

அறையை டேப் வைத்து அளப்பது

மைக்கை எடுக்கும் முன் டேப்பை எடுங்கள். அவருடைய அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். மீட்டரில் 4.27, 3.35, 3.05. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, சிவப்பு ஆக்ஸைடு தரை. 11 அடிச் சுவருக்கு முன்னால் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டில் நிற்கின்றன. ஸ்பீக்கரின் முன்முகத்திலிருந்து பின்சுவர் வரை 67 செ.மீ. அவர் உட்காரும் நாற்காலி அறை நீளத்தின் சரிபாதியில், அதாவது 7 அடியில். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரைபடத்தில் ஒரு பள்ளத்தைப் பார்த்து அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும்போது, பதில் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் இருக்கும்.

எந்தக் கணக்குக்கும் ஒலியின் வேகம் வேண்டும். புத்தகங்களில் வினாடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது. நம் ஊர் வெயிலில் மாடியறை 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்த வெப்பத்தில் வேகம் ஏறத்தாழ 350. அறையின் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் போய்வந்து ஒத்ததிரும் முதல் அதிர்வெண் இப்படி வரும்:

```
f = 350 / (2 × L)
L = 4.27  →  41 Hz
L = 3.35  →  52 Hz
L = 3.05  →  57 Hz
```

இவற்றின் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும் அறை மறுபடி ஒத்ததிரும். நீளத்துக்கு மட்டும் பார்த்தால் 41, 82, 123.

மைக்கும் அதன் கோப்பும்

நாங்கள் பயன்படுத்தியது UMIK-1 என்ற யு.எஸ்.பி. அளவீட்டு மைக், மென்பொருள் REW. பாட்டுப் பாடும் மைக்கோ போன் மைக்கோ இதற்கு உதவாது. அவற்றில் எந்த அதிர்வெண் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பது நமக்குத் தெரியாது. அளவீட்டு மைக்கிலும் சிறு ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணை வைத்துத் தனி அளவுத்திருத்தக் கோப்பு கிடைக்கிறது. மைக்கைச் செருகியதும் REW அந்தக் கோப்பைக் கேட்கும், கொடுத்துவிடுங்கள். வேறொருவர் மைக்கின் கோப்பைப் போட்டு அளப்பது, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பது போலத்தான்.

கோப்புகள் இரண்டு இருக்கும். மைக்கை ஸ்பீக்கர்களின் நடுவை நோக்கி நீட்டினால் 0 டிகிரிக் கோப்பு. கூரையை நோக்கி நிறுத்தினால் பெயரில் 90deg என்று இருக்கும் கோப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் தாழ்ந்த ஒலியில் ஒன்றும் தெரியாது; சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான் கோடு பொய் சொல்லும். நாங்கள் நடுவை நோக்கி நீட்டினோம்.

மைக் இருக்க வேண்டிய இடம், கேட்பவரின் இரண்டு காதுக்கும் நடுவே, காது உயரத்தில். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர். நம்மவர்களில் பலர் பாயில் உட்கார்ந்துதான் கேட்பார்கள். அப்படியானால் மைக்கையும் அந்த உயரத்துக்கு இறக்குங்கள். கையில் பிடிக்காதீர்கள், ஸ்டாண்டில் மாட்டுங்கள். நாற்காலியின் முதுகு உயரமாக இருந்தால் நாற்காலியை எடுத்துவிடுங்கள். மைக் நின்ற இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். அந்தக் குறி இல்லாமல் மறுநாள் எடுக்கும் அளவை இன்றைய அளவோடு ஒப்பிட முடியாது.

நேரமும் அமைதியும்

இரவு பதினொரு மணிக்கு மேல் தொடங்கினோம். பகலில் பேருந்து ஹாரன், அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் இயந்திரம், ஆராதனை நாட்களில் ஊர் முழுக்க ஒலிபெருக்கி. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையே போதும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதன் காற்று மைக்கின் முனையில் பட்டாலே கோட்டின் இடது ஓரம் மேலே எழும்பிவிடும். அதைப் பார்த்து, சின்ன ஸ்பீக்கரிலும் 20 ஹெர்ட்ஸ் வருகிறது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கதவு, ஜன்னல் எல்லாம் நீங்கள் வழக்கமாகக் கேட்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். இந்த வீட்டில் மாடியறையின் இடப்பக்கக் கதவு முற்றத்தைப் பார்த்த நடையில் திறக்கிறது, காற்றுக்காக எப்போதும் திறந்தே கிடக்கும். மூடிவைத்து ஒருமுறை அளந்தபோது தாழ்ந்த ஒலியின் கோடே வேறாக வந்தது. திறந்த கதவு வழியாக அந்த ஒலி வெளியே போய்விடுகிறது. அவர் கதவைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்கிறார். ஆகவே திறந்த கதவோடுதான் எல்லா அளவும் எடுத்தோம்.

ஸ்வீப் ஓட்டுவது

ஸ்வீப் என்பது தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இடைவிடாமல் ஏறிப்போகும் சோதனை ஒலி. கணினியின் ஒலி அமைப்பில் ஒலியை மெருகேற்றும் வசதி எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். பெருக்கியில் பாஸ், டிரெபிள் நடுவில் நிற்கட்டும். ஏற்கெனவே போட்ட ஈக்வலைசர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். REW-இல் Measure அழுத்தி, தொடக்கம் 20, முடிவு 20000, நீளம் 256k என்று வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் இது ஐந்தரை வினாடி ஓடும். Check Levels அழுத்தி, மைக் இருக்கும் இடத்தில் 75 முதல் 80 டெசிபல் வரும்படி ஒலியளவை ஏற்றுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. சின்ன ஸ்பீக்கரைத் திணறடிக்கும்.

இடது மட்டும், வலது மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து என மூன்று அளவு எடுங்கள். சேர்த்து எடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டால், எந்த ஸ்பீக்கர் எதைச் செய்கிறது என்பது ஒருநாளும் தெரியாது.

ஸ்வீப் ஓடும்போது அறைக்கு வெளியே நின்று காதைக் கொடுங்கள். இங்கே ஒரு கட்டத்தில் இரும்பு பீரோவின் கைப்பிடி கிர்ரென்று அதிர்ந்தது. வரைபடத்தின் முதன்மைக் கோட்டில் இந்தச் சத்தம் அநேகமாகத் தெரியாது, காதுதான் பிடிக்கும். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை மடித்துச் செருகிவிட்டு மறுபடி ஓட்டினோம்.

அளவு நம்பத்தக்கதா என்று பார்க்க ஓர் எளிய வழி: எதையும் தொடாமல் அதே ஸ்வீப்பை இரண்டாம் முறை ஓட்டி, இரண்டு கோடுகளையும் All SPL பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒன்றோடொன்று படிந்து கிடந்தால் நல்லது. இடது ஓரத்தில் மட்டும் பிரிந்தால் அந்தப் பகுதியில் நீங்கள் அளந்திருப்பது வெளிச்சத்தம். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் அளந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் இரைச்சல் நுழைய வாய்ப்பு உண்டு. மின்சாரம் வரட்டும் என்று காத்திருப்பதே மேல்.

கோட்டைப் படிப்பது

முதலில் அளவுகோல். குறுக்கே 20 முதல் 20000 ஹெர்ட்ஸ், நெடுக்கே ஏறத்தாழ 50 டெசிபல் அளவுக்கு இடைவெளி என்று நிறுத்திவிடுங்கள். 150 டெசிபல் இடைவெளியில் பார்த்தால் எந்த அறையும் சமவெளி. 20 டெசிபல் இடைவெளியில் பார்த்தால் எந்த அறையும் மலைத்தொடர். இரண்டையும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்து, கோட்டை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அறையில் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ஆட்சி. சுவர்களுக்கு நடுவே ஒத்ததிர்வுகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே நிற்கும். அதற்கு மேலே அவை நெருங்கிக் கலந்துவிடும். அங்கே ஸ்பீக்கரின் இயல்பும் பக்கத்துப் பரப்புகளின் எதிரொலியும் சேர்ந்து தெரியும். கோட்டின் சிறு மேடுபள்ளங்களை மழுங்கடித்துக் காட்டும் சமனப்படுத்தல் REW-இல் உண்டு. கீழ்ப்பகுதியை அது இல்லாமலே பாருங்கள். மேல்பகுதிக்கு 1/6 ஆக்டேவ் சமனப்படுத்தல் போடுங்கள். போடாமல் பார்த்தால் சீப்புப் பல் போல நூற்றுக்கணக்கான பள்ளங்கள் தெரியும். தரையிலும் மேசையிலும் பட்டு வந்த ஒலி நேர் ஒலியோடு மோதுவதால் வருபவை அவை. மைக்கை ஒரு விரற்கடை நகர்த்தினாலே இடம் மாறிவிடும். அவற்றைத் திருத்த நினைக்கவே கூடாது.

மேல்பகுதியில் கோடு இடமிருந்து வலமாகச் சற்றே சரிந்து இறங்கினால் அது பிழை இல்லை. நல்ல ஸ்பீக்கரை அறையில் வைத்து அளந்தால் அப்படித்தான் வரும், உயர்ந்த ஒலியை அறை கூடுதலாக விழுங்குவதால். அதை மட்டமாக நிமிர்த்தினால் காதைக் குத்தும். இந்த அறையில் சரிவே குறைவாக இருந்தது, தரையும் சுவரும் வெறுமையாக இருப்பதால். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு ஜமக்காளத்தை விரித்ததும் மேல்பகுதி கொஞ்சம் அடங்கியது. ஜமக்காளம் அவ்வளவுதான் செய்யும். தம்புராவின் பிரச்சினை இருப்பது கீழே.

கீழே பார்த்தால் மூன்று விஷயம் கண்ணில் பட்டது. 41 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம். 82-இல் சுற்றுப்புறத்தைவிட 9 டெசிபல் உயர்ந்த மேடு. 131-ஐ ஒட்டி 14 டெசிபல் ஆழத்தில் ஒரு குறுகிய பள்ளம். ஒரு கட்டை ஸ்ருதியில் ஆண் குரலின் ஷட்ஜம் எங்கே இருக்கிறது? 131 ஹெர்ட்ஸில். "எடுக்கவே மாட்டேங்குது" என்று அவர் சொன்னது மனப்பிரமை இல்லை. அவர் நாற்காலியில் அந்த ஷட்ஜத்தின் அடிநாதம் உண்மையிலேயே இல்லை. அவர் அதைத் தேடிக் கலவையில் அந்தப் பகுதியைத் தூக்கியிருக்கிறார். பள்ளம் இல்லாத வேறு வீட்டில் கேட்டவர்களுக்குக் கும்மென்று இருந்ததும் அதனால்தான்.

மேடும் பள்ளமும் யாருடையவை

இந்த இடத்தில் தாளை எடுங்கள். 41-உம் 82-உம் நீளத்தின் ஒத்ததிர்வுகள். முதல் ஒத்ததிர்வுக்கு அறையின் சரிபாதியில் ஒலியழுத்தமே இருக்காது. இரண்டாவதற்கு அதே இடத்தில் உச்சம். நாற்காலி சரிபாதியில். எனவே 41-இல் பள்ளம், 82-இல் மேடு. கணக்கும் கோடும் ஒத்துப்போகின்றன.

131 அப்படி இல்லை. நீளத்தின் மூன்றாம் ஒத்ததிர்வு 123, கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் பள்ளத்தின் அடி அதில் இல்லை. ஸ்பீக்கரின் பின்சுவரை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முன்னால் போனதோடு சேரும். கூடுதலாக நடந்த தூரம் அரை அலைநீளமானால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

```
f = 350 / (4 × d)
d = 0.67  →  131 Hz
```

கணக்கு பொருந்துகிறது என்பதால் அதோடு விட்டுவிடக் கூடாது. சின்ன அறையில் ஏதாவது ஒரு கணக்கு எப்போதும் பொருந்தும். சோதித்துப் பார்க்க வேண்டும், அது எளிது. ஸ்பீக்கரைத் தொடாமல் மைக்கை மட்டும் ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னும் நகர்த்தி அளந்தோம். 82-இன் மேடு இரண்டு இடத்திலும் இறங்கியது. 131-இன் பள்ளம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. பிறகு மைக்கைப் பழைய குறிக்கே கொண்டுவந்து, இடது ஸ்பீக்கரைச் சுவரை நோக்கி ஓர் அடி தள்ளி அளந்தோம். பள்ளம் 131-ஐ விட்டு மேலே ஓடிவிட்டது. ஸ்பீக்கரோடு நகர்ந்த பள்ளம் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உரியது. நாற்காலியோடு மாறிய மேடு அறைக்கும் நாற்காலிக்கும் உரியது. அளவீட்டில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கோட்டில் தெரியும் ஒரு வளைவு, அறையில் நாம் கை வைத்துத் தொடக்கூடிய ஒரு தூரமாக மாறிவிடுகிறது.

Waterfall பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒலி நின்ற பிறகு எந்த அதிர்வெண் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அது காட்டும். 82-இல் ஒரு முகடு, மற்றவை அடங்கிய பிறகும் நெடுநேரம் நீண்டு கிடந்தது. ஒத்ததிர்வின் அடையாளம் அது. மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு அடி விழுந்தால் அடுத்த அடி வரும்வரை அந்த முனகல் நிற்கும். 131-இல் அப்படி எந்த முகடும் இல்லை.

பள்ளத்தை ஏன் தூக்கி நிரப்பக் கூடாது

திருத்தும் மென்பொருளை அப்படியே ஓட்டியிருந்தால், அது 131-ஐ 14 டெசிபல் தூக்கப் பார்த்திருக்கலாம். 14 டெசிபல் என்றால் அந்த அதிர்வெண்ணில் 25 மடங்கு மின்சக்தி. ஐந்து அங்குல ஸ்பீக்கர் அதைத் தாங்காமல் கரகரக்கும். பள்ளமோ குறுகியது. சாதாரண கிராஃபிக் ஈக்வலைசரில் 125 என்ற பொத்தானைத் தூக்கினால் பள்ளத்தின் இரண்டு கரையும் சேர்ந்து எழும்; ஷட்ஜம் பழையபடி மெலிந்தே இருக்க, அக்கம்பக்கம் மட்டும் தடிக்கும். மேடு அப்படி இல்லை. அதைக் குறைத்தால் ஸ்பீக்கருக்கு வேலை குறையும், முனகலும் குறையும். எனவே மேட்டைத் திருத்தலாம். பள்ளத்துக்கு இடம் மாற்றுவதுதான் மருந்து.

நகர்த்தியபின் மறு அளவு

இரண்டு ஸ்பீக்கரையும் சுவரை நோக்கித் தள்ளி, முன்முகம் 35 செ.மீ. தூரத்தில் நிற்கும்படி வைத்தோம். கணக்குப்படி பள்ளம் 250-க்குப் போக வேண்டும். போனது. அங்கே அதன் ஆழமும் குறைந்து 5 டெசிபலாக நின்றது; அதிர்வெண் ஏற ஏற ஸ்பீக்கர் பின்பக்கம் அனுப்பும் ஒலி குறைவதே காரணம். சுவரை நெருங்கியதால் தாழ்ந்த ஒலி மொத்தமாகக் கொஞ்சம் கூடியது. அது எதிர்பார்த்ததுதான்.

நாற்காலியை இரண்டரை அடி பின்னுக்கு நகர்த்தினோம். நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து இப்போது நாலரை அடி. 82-இன் மேடு 9-லிருந்து 3 டெசிபலுக்கு வந்தது, 41-இன் பள்ளமும் நிரம்பியது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எழும் என்பதும் இங்கே தெரிந்தது. புதிய இடம் 123-இன் உச்சத்துக்கு அருகே இருப்பதால் அங்கே 4 டெசிபல் மேடு ஒன்று புதிதாக முளைத்தது. அரையடி முன்னே, அரையடி பின்னே வைத்துப் பார்த்தோம். முன்னே போனால் 82 ஏறியது, பின்னே போனால் மொத்தத் தாழ்ந்த ஒலியும் தடித்தது. இருந்த இடத்திலேயே விட்டோம்.

இடது, வலது கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடது ஒன்றிரண்டு டெசிபல் தாழ்ந்திருந்தது, திறந்த கதவு அந்தப் பக்கம் என்பதால். அந்த அளவு வித்தியாசத்தை விட்டுவிடலாம். ஐந்தாறு டெசிபல் வித்தியாசம் வந்திருந்தால், முதலில் ஸ்பீக்கர்கள் பக்கச் சுவர்களிலிருந்து சம தூரத்தில் நிற்கின்றனவா என்று டேப்பால் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒரே புள்ளியில் எடுத்த அளவை வைத்துத் திருத்தினால், தலையைத் திருப்பினாலே அது பொருந்தாமல் போகலாம். ஆகவே காது இருக்கும் இடத்தைச் சுற்றி, ஒரு சாண் இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் மைக்கை நகர்த்தி ஆறு அளவு எடுத்து, நடுவில் எடுத்ததோடு சேர்த்து ஏழுக்கும் சராசரி பார்த்தோம். ஏழிலும் மாறாமல் நின்றவை 82-உம் 123-உம்தான். திருத்தும் மென்பொருளில் அந்த இரண்டு இடத்தில் மட்டும் முறையே 3, 4 டெசிபல் குறைக்கும் வடிகட்டிகளைப் போட்டு, 250-க்கு மேலே எதையும் தொடாதபடி எல்லை கட்டினோம். பிறகு மின்விசிறியைப் போட்டுவிட்டு, அவர் பழைய பதிவு ஒன்றைத் தொடங்கினார். தம்புரா முதல் மீட்டிலேயே அவர் சொன்னார்: "அண்ணே, இதுல நான் எட்டு டெசிபல் ஏத்தி வச்சிருக்கேன். இப்ப எறக்கணும்."